வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து ரிசப்ஷனுக்கு ஆள் எடுப்பவர்களுக்கு

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக நடத்தும் முதலாளிமார்களுக்கும் மேனேஜர்களுக்கும்,

வணக்கம். சென்னையிலும் மதுரையிலும் 22 வருடம் ஹோட்டல் ரிசப்ஷனில் நின்றவள் நான். கடைசி ஒன்பது வருடம் அந்தப் பிரிவுக்கு மேனேஜராக இருந்தேன். இப்போது காரைக்குடிக்குப் பக்கத்தில் அம்மா வீட்டோடு வந்துவிட்டேன். கார்த்திகை, மார்கழியில் வெளிநாட்டு விருந்தாளிகள் வரத் தொடங்குமுன் ஆள் எடுக்கிற நேரத்தில், உங்களில் சிலர் என்னையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வீட்டிலிருந்து எனக்கு ஒரு பட்டியல் வந்தது. விண்ணப்பித்தவர்கள் 19 பேர். எல்லாரிடமும் படம் மட்டும் வாங்கி, முடி, உடை, நிற்கும் விதம், முகபாவம் என்று நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்கு 25 மதிப்பெண் என்று கொடுத்திருந்தார்கள். 11 பேரைப் படத்தோடு அனுப்பிவிட்டு, மீதி 8 பேரை நேரில் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கழித்துவிட்ட 11 பேரில் ஒரு பெண் எங்கள் தெருக்காரி. எனக்கு வேண்டியவள்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

அவளுக்கு நூற்றுக்கு 33. குறிப்புப் பத்தியில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "முடி கலைந்திருக்கிறது. சேலை கட்டத் தெரியவில்லை, முந்தானை தப்பான தோளில். தோள் சாய்வு. தூங்கி வழிகிற முகம், பளிச்சென்று இல்லை."

படத்தை வைத்துக் கழிப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ரிசப்ஷன் மேசையில் நிற்பவர் எப்படித் தோன்றுகிறார் என்பது அந்த வேலையின் பாதி. 400 விண்ணப்பம் வரும் ஹோட்டலில் நானும் படம் பார்த்துக் கழித்திருக்கிறேன். ஆனால் படத்தில் இரண்டு பேருடைய வேலை இருக்கிறது. நிற்பவர் ஒருவர், எடுத்தவர் இன்னொருவர். அவளுக்குக் குறைத்த 67 மதிப்பெண்ணில் முக்கால்வாசி, படம் எடுத்த தம்பிக்குக் குறைத்திருக்க வேண்டியது. எப்படி என்று அந்தப் பெண்ணின் இரண்டு படங்களையும் வைத்தே காட்டுகிறேன். அதே படங்களில் அவளுடைய நிஜமான குறைகளும் இருந்தன. அவற்றை உங்கள் ஆட்கள் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

முதல் படம் செல்ஃபி. அதில் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. அவள் கட்டியிருந்தது எல்லாரும் கட்டுகிற கட்டுதான், முந்தானை இடது தோளில்தான் விழ வேண்டும். பின்னால் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. அதைப் பெரிதாக்கிப் பாருங்கள், தேதி எண் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைமாறி இருக்கிறது. முன் கேமராவில் எடுத்த படத்தைப் பல போன்கள் அப்படியே திருப்பித்தான் சேமிக்கின்றன. எழுத்தோ எண்ணோ படத்தில் இல்லையென்றால் வேறு அடையாளம் தேடலாம். ஆம்பிளைச் சட்டையில் பொத்தான் வரிசை போட்டிருப்பவரின் வலது பக்கம் இருக்கும், இடது பக்கம் மேலே வந்து மூடும். படத்தில் அது மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. இதைப் பார்க்காமல் "சேலை கட்டத் தெரியவில்லை" என்று எழுதுவது, அதுவும் கண்டாங்கி நெய்கிற ஊரில் பிறந்த பெண்ணைப் பார்த்து எழுதுவது, எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

செல்ஃபியில் இன்னொரு கோளாறும் உண்டு. 12 அங்குல தூரத்தில் எடுத்தால் மூக்கின் அகலம் உள்ளதைவிட சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். 5 அடி தள்ளி எடுத்தால் அந்தக் கோளாறு கிட்டத்தட்ட இல்லை. முகத்தின் நடுப்பகுதி முன்னால் வந்து, காதும் முடியின் ஓரமும் பின்னால் ஒதுங்கிவிடும். அதாவது, முடியைச் சரியாக ஒதுக்கியிருக்கிறாரா என்று நாம் பார்க்க வேண்டிய இடமே படத்தில் சுருங்கிவிடுகிறது. அதனால் செல்ஃபிக்கு நான் எந்தக் கட்டத்திலும் மதிப்பெண் போடுவதில்லை. ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது படம்தான் முக்கியம். முழு உருவப் படம், அவள் தம்பி எடுத்தது. பெரியப்பா வீட்டு முற்றத்தில், நடுப் பகலில், வெயில் பட்ட வெள்ளைச் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்திருக்கிறான். நம் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பும் முட்டையும் சேர்த்துப் பூசி இழைத்த சுவர், கையை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். விருந்தாளிகள் அதைத் தடவிப் பார்க்கவே வருகிறார்கள். போன் கேமராவுக்கு மட்டும் அது எதிரி. கேமரா படம் முழுவதையும் ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தில் பாதிக்கு மேல் பளபளக்கும் வெள்ளை என்றால், மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். சுவர் சாம்பலாகும், முகம் அதைவிடக் கறுக்கும். சந்தேகம் இருந்தால் சுவரைப் பாருங்கள். அவள் படத்தில் அந்த வெள்ளைச் சுவர் மழைக்கால மேகம் மாதிரி இருந்தது. சுவரே கறுத்துப்போன படத்தில் முகம் "பளிச்சென்று இல்லை" என்று எழுதினால் என்ன அர்த்தம்?

இந்தப் "பளிச்" என்ற வார்த்தையைப் பற்றி ஒரு பேச்சு. வாய்விட்டு நிறம் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதற்குப் பதில் எழுதுகிற வார்த்தை அது. 22 வருடத்தில் எத்தனை படிவத்தில் பார்த்திருப்பேன்! முகம் கழுவியிருக்கிறாரா, எண்ணெய் வழிகிறதா, மேக்கப் கழுத்தில் கோடு போட்டு நிற்கிறதா என்பதெல்லாம் பராமரிப்பு. நிறம் பராமரிப்பு இல்லை. அந்தக் கட்டத்தில் அது வரக் கூடாது. பொட்டு, திருநீறு, சின்ன மூக்குத்தி இவற்றுக்கும் உங்கள் வீட்டு விதி என்ன என்று முதலிலேயே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். படம் பார்க்கிறவர் மனநிலைக்குத் தகுந்த மாதிரி அது மாறக் கூடாது.

"தூங்கி வழிகிற முகம்" என்பதும் நேரத்தின் வேலை. உச்சி வெயில் நெற்றியிலிருந்து நேராக இறங்குகிறது. புருவ எலும்பின் நிழல் கண்குழிக்குள் விழுந்து, கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டுவிடுகிறது. கண்டுபிடிப்பது சுலபம். மூக்குக்குக் கீழேயும் மோவாய்க்குக் கீழேயும் பாருங்கள். அங்கேயும் அதே கறுப்பு இருந்தால் அது வெளிச்சத்தின் வேலை. கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தால்தான் தூக்கமின்மையைப் பற்றி யோசிக்கலாம், அப்போதும் யோசிக்க மட்டும்தான். இதே நடுப்பகல் வெளிச்சம் காலையில் ஷேவ் செய்த பையனுக்கும் மீசைக்குக் கீழே ஒரு நிழல் போட்டு, மூன்று நாள் தாடி போலக் காட்டும்.

முடி கலைந்திருக்கிறது என்றார்கள். தலையைச் சுற்றி ஒளிவட்டம் போல முடிகள் மின்னுவது உண்மைதான். வெயில் மேலேயும் பின்னேயும் இருந்தால் யார் தலையிலும் அது மின்னும், சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்னும் அதிகம். ரிசப்ஷனில் முடிக்கு இருக்கிற விதியின் உள் காரணம் ஒன்றுதான். குனிந்து ரிஜிஸ்டரில் எழுதும்போதும், கீபோர்டைப் பார்க்கும்போதும் முடி முகத்தில் விழக் கூடாது, கை அதை ஒதுக்கப் போகக் கூடாது. ஒரு மணி நேரத்தில் இருபது தடவை கை முடிக்குப் போனால், அதே கையால் சாவியும் பாஸ்போர்ட்டும் கொடுக்கிறார் என்பதை விருந்தாளி பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் படத்தில் நான் பார்ப்பது மூன்று இடம். நெற்றி திறந்திருக்கிறதா, இரண்டு காதும் தெரிகிறதா, பின்னால் கட்டியது கழுத்தோடு நிற்கிறதா, முன்னால் தொங்குகிறதா. பையன்கள் என்றால் முடி காதை மூடாமல், காலரைத் தொடாமல் இருக்க வேண்டும். கிருதா காதின் நடுவரை போதும். தாடி பல ஹோட்டல்களில் இப்போது பரவாயில்லை, ஆனால் ஓரம் வெட்டி ஒழுங்காக இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நெற்றி, காது இரண்டும் சரி. வகிடு நேராக எடுத்திருந்தாள். பின்னலை மட்டும் இடது தோள் வழியாக முன்னால் போட்டு, அதோடு ஒரு முழம் மல்லிகையும் மார்பு வரை தொங்கவிட்டிருந்தாள். இதுதான் முடியில் இருந்த நிஜமான குறை. கல்யாண வீட்டுப் படத்துக்கு அழகு. மேசையில் குனிந்தால் பூ ரிஜிஸ்டர் மேல் கிடக்கும். வேலைக்கு வந்தால் கொண்டை போட்டு, பூவைப் பின்னோடு நிறுத்த வேண்டியதுதான். பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கக் கூடியது. ஆனால் குறிப்பில் இது இல்லை, ஒளிவட்டம்தான் இருந்தது.

இப்போது தோளுக்கு வருவோம். எனக்கு இந்தப் பகுதி பிடித்தமானது.

படத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு தேக்குத் தூண் நிற்கிறது. நம் வீட்டுத் தூண்கள் சாய்வதில்லை, கட்டி நூறு வருடம் ஆனாலும். நான் ஒரு தாளின் ஓரத்தைத் திரையில் வைத்துப் பார்த்தேன். தூண் சாய்ந்திருந்தது. அவள் வலது தோள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறதோ அதே பக்கம்தான் தூணின் தலையும் சாய்ந்திருந்தது. தம்பி போனைக் கோணலாகப் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான். போனிலேயே படத்தைச் சுழற்றுகிற வசதி இருக்கிறதே, அதில் தூண் நேராகும்வரை சுழற்றினேன். தோளின் சாய்வில் பெரும்பகுதி போய்விட்டது. முழுவதும் போகவில்லை. வலது தோள் இன்னும் கொஞ்சம் கீழேதான் இருந்தது.

அந்த மிச்சம் அவளுடையது. அப்போதுதான் சேலையின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். இடது பக்கம் தாழ்ந்து இருக்கிறது, வலது பக்கம் கணுக்கால் தெரிகிறது. பாரத்தை ஒரு காலில் போட்டு நின்றால் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதை ஈடுகட்ட அதே பக்கத்துத் தோள் இறங்கும். இடுப்போடு சேலையும் ஏறிவிடும். ஆக, வலது காலில் சாய்ந்து நிற்கிறாள். தோளும் ஓரமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. தோள் இறங்கி, ஓரம் சமமாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். பள்ளிக்கூடம் தொட்டு ஒரே தோளில் பை மாட்டிய பழக்கமாக இருக்கும், அல்லது பிறவியாக இருக்கும், நாம் கை வைக்க வேண்டியதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஆத்தங்குடிக் கல் போட்ட தரையை வைத்துச் சாய்வைக் கணக்கிடாதீர்கள். அந்தப் பூக்களும் குறுக்குக் கட்டங்களும் கண்ணை ஏமாற்றிவிடும். செங்குத்தாக நிற்கிற ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். தூண், நிலைக்கதவு, ஜன்னல் கம்பி, எது கிடைத்தாலும் சரி. அதுவும் படத்தின் ஓரத்தில் இல்லாமல் ஆளுக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பாருங்கள், ஓரங்களில் லென்ஸே கோட்டை வளைத்துவிடும்.

ஒரு காலில் சாய்ந்து நிற்பது குறையா? மேசைக்குப் பின்னால் எட்டு மணி நேரம் நிற்கப் போகிறவருக்கு ஆமாம். இடுப்பு வலி முதலில், அப்புறம் மேசையில் முழங்கையை ஊன்றுவது, அதற்கப்புறம் விருந்தாளி வந்தாலும் முழங்கை எழுந்திருக்காது. இரண்டு காலிலும் சமமாக நிற்கப் பழக்குவதற்கு ஒரு வாரம் போதும். ஆனால் படம் எடுக்கும்போது ஒயிலாக நிற்க வேண்டும் என்று யாரோ சொன்னதால் அப்படி நின்றாளா, எப்போதும் அப்படித்தானா என்று படம் சொல்லாது. அது நேரில் பார்க்க வேண்டியது.

கைகளைப் பற்றி ஒரு வரி. அவள் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள், விரல் முட்டி வெளுத்திருந்தது. அது பயம். முதல் வேலைக்கு விண்ணப்பிக்கிற 21 வயதுப் பெண்ணுக்கு அது இல்லாவிட்டால்தான் அதிசயம்.

உடைக்கு வருகிறேன். புதிதாக வருகிறவரிடம் உங்கள் யூனிஃபார்ம் இருக்காது. அதனால் துணியின் விலையையோ புதுசா பழசா என்பதையோ பார்த்துப் பயனில்லை. இருக்கிற துணியை எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதுதான் நாளைக்கு உங்கள் யூனிஃபார்மை எப்படி உடுத்துவார் என்பதைச் சொல்லும். அவள் படத்தில் எனக்குத் தெரிந்த குறைகள் இரண்டு. முந்தானை மடிப்பைத் தோளில் அடுக்கிக் குத்தவில்லை, மேல் மடிப்பில் மட்டும் ஒரு ஊக்கு. அது வெளியே தெரிந்து வெயிலில் மின்னுகிறது. கீழ் மடிப்புகள் ஒவ்வொன்றாக முழங்கை வரை சரிந்திருக்கின்றன. ஊக்கை உள்பக்கமாக, ரவிக்கையோடு சேர்த்து, எல்லா மடிப்பையும் பிடித்துக் குத்த வேண்டும். வெளியில் துணி மட்டும்தான் தெரிய வேண்டும். இன்னொன்று, செருப்புப் போடாமல் சேலை கட்டி, அப்புறம் உயரமான செருப்பைப் போட்டிருக்கிறாள். ஓரம் மொத்தமாகவே ஒரு அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எந்தச் செருப்போடு நிற்கப் போகிறோமோ அதைப் போட்டுக்கொண்டுதான் சேலை கட்ட வேண்டும். எனக்கு இதை முதல் வேலையில் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்தார். யாரும் சொல்லாமல் யாருக்கும் தெரியாது.

பையன்களுக்கு நான் பார்ப்பது ஒரே ஒரு கோடு. சட்டையின் பொத்தான் பட்டி, பெல்ட் பக்கிளின் ஓரம், பேன்ட் ஜிப்பை மூடும் பட்டி, மூன்றும் மேலிருந்து கீழே ஒரே கோட்டில் இருக்கிறதா என்று. அது இருந்தால் கண்ணாடி பார்க்கிற பழக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

காலரின் நிறத்தை வைத்து நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மதுரையில் இருந்தபோது ஒரு பையனை "காலர் பழுப்பு" என்று எழுதிக் கழித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து வேறு வேலையாக அந்தப் படத்தை எடுத்தபோதுதான் கவனித்தேன், அவன் கண்ணின் வெள்ளையும் அதே பழுப்பு. குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம். அன்றிலிருந்து வெள்ளைத் துணியைப் பற்றி எதுவும் எழுதுமுன் கண்ணின் வெள்ளையைப் பார்த்துவிடுவேன். இரண்டும் ஒரே நிறம் என்றால் பல்பு. துணி மட்டும் என்றால் துணி.

இனி அந்தப் பட்டியலில் முதலிடம் வாங்கிய பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 88 மதிப்பெண். நீலப் பின்னணி, கறுப்புக் கோட், சிவப்பு டை. "உடை: 25/25" என்று எழுதியிருந்தார்கள். அது ஸ்டுடியோக்காரருக்குக் கிடைத்த மதிப்பெண். கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற கோட்டை எடுத்துக் கழுத்துக்குக் கீழே ஒட்டிவிடுவார்கள், நம் ஊர் ஸ்டுடியோக்களில் பாஸ்போர்ட் படத்துக்குக் கேட்காமலே செய்து கொடுப்பவர்கள் உண்டு. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மோவாயின் நிழல் கழுத்தில் விழுகிறது, காலரில் விழவில்லை. கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, டை முடிச்சு நட்ட நடுவில் இருக்கிறது. கோட்டின் இரண்டு தோளும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கின்றன, நிஜ மனிதனுக்கு அப்படி இருக்காது. முகத்தில் தோலை மெழுகியிருந்தால் புருவத்தைப் பாருங்கள். முடி முடியாகத் தெரியாமல் மை தீட்டியது போல இருக்கும். நேரில் வந்த பையன் நல்ல பையன்தான், பேச்சும் பரவாயில்லை. சட்டைக் காலர் மட்டும் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது, பேட்டி முடியும்வரை அப்படியே இருந்தது. அவனைக் குறை சொல்லவில்லை. படம் அவனைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக முகபாவம். நான்கு கட்டத்துக்கும் சமமாக 25 கொடுத்திருக்கிறீர்கள். என் கணக்கில் படத்தில் மிகக் குறைவாகத் தெரிவது இதுதான். ஒரு முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே பார்ப்பவர்கள் அவர் நம்பத் தகுந்தவரா இல்லையா என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் என்று 2006இல் வில்லிஸ், டோடரோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நேரம் அதிகம் கொடுத்தாலும் அந்த முடிவு பெரிதாக மாறவில்லை, அதில் நம்பிக்கைதான் கூடியது. 19 படத்தைக் காபி குடித்துக்கொண்டே தள்ளிப் பார்க்கும்போது நமக்கும் அதுதான் நடக்கிறது.

சிரிப்பைப் பற்றி ஒன்று மட்டும் நிச்சயமாகப் பார்க்கலாம். மனதிலிருந்து வரும் சிரிப்பில் கன்னம் மேலே எழுந்து, கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, கடைக்கண்ணில் சின்னக் கோடுகள் விழும். வாயை மட்டும் இழுத்துச் சிரித்தால் அது வராது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இலேயே எழுதிவைத்த விஷயம். ஆனால் இது ஒருவர் அந்த நொடியில் எப்படி இருந்தார் என்பதற்குத்தான் உதவும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சின்ன வயதிலிருந்தே "பல்லைக் காட்டாதே" என்று சொல்லித்தான் படம் எடுக்கிறோம். பாஸ்போர்ட், ஆதார் என்று போகிற இடமெல்லாம் சிரிக்காதே என்கிறார்கள். அதே பெண் உங்களுக்கு அனுப்பும் படத்தில் மட்டும் சிரிப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா? ராத்திரி பதினொரு மணிக்கு ஏசி ஓடவில்லை என்று கோபத்தோடு இறங்கி வருகிற விருந்தாளியிடம் அவள் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. அது எந்தப் படத்திலும் இல்லை.

அதனால் அந்தக் கட்டங்களில் எண் போடுவதை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் "சரி", "சொல்லிக் கொடுக்கலாம்", "படத்தில் தெரியவில்லை" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். "தெரியவில்லை" என்று எழுதிய கட்டத்துக்காக யாரையும் கழிக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு என் கணக்கில் முடி, உடை இரண்டும் சொல்லிக் கொடுக்கலாம். நிற்கும் விதமும் முகபாவமும் தெரியவில்லை. அப்படியானால் நேரில் கூப்பிட்டிருக்க வேண்டும். இதே முறையில் பார்த்தால் கழித்த 11 பேரில் நான்கு பேரை நானும் கழித்திருப்பேன். ஒருவர் படத்தில் பனியனோடு பைக் மேல் உட்கார்ந்திருக்கிறார், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இன்னொன்று, படம் கேட்கும்போது எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்ப ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள், செல்ஃபி வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம். காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை நான்கு மணிக்கு மேல், திண்ணை நிழலில், தெருவைப் பார்த்து நில்லுங்கள். எடுப்பவர் எட்டடி தள்ளி, போனை உங்கள் நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து, திரையில் உங்கள் முகத்தைத் தொட்டுவிட்டு எடுக்கட்டும். பியூட்டி ஃபில்டர் வேண்டாம். தலை முதல் செருப்பு வரை தெரிகிற படம் ஒன்று. நெஞ்சுக்கு நேரே கைகூப்பி வணக்கம் சொல்கிற படம், இடுப்புக்கு மேலே, ஒன்று. இரண்டையும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள்."

வணக்கம் சொல்கிற படம் எதற்கு என்றால், மேசையில் முதலில் செய்யப் போவது அதுதான். கை எங்கே வைப்பது என்ற குழப்பம் இருக்காது. நகம், வளையல், சட்டைக் கையின் பொத்தான் எல்லாம் முகத்தோடு ஒரே படத்தில் வந்துவிடும். டாக்குமென்டாகக் கேட்பது, சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, துணியின் கசங்கலையும் முடியின் ஓரத்தையும் மெழுகிவிடும் என்பதால். எடுப்பவரிடம் இன்னொரு யுக்தியும் சொல்லலாம். நிற்பவரை அவர் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லி, சொல்லி முடித்த நொடியில் எடுத்தால் முகம் இறுக்கம் விட்டிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அந்தப் பெண்ணை எங்கள் வீட்டுத் திண்ணையில் நிறுத்தி, அதே தம்பியை எடுக்கச் சொன்னேன். அதே சேலை, அதே செருப்பு. கொண்டை மட்டும் போட்டாள், செருப்பைப் போட்டுக்கொண்டு சேலையைக் கட்டினாள், ஊக்கை உள்பக்கமாக நான் குத்திவிட்டேன். பெரிய ஊக்கு தேடத்தான் நேரமாயிற்று, அம்மாவின் தையல் டப்பாவில் கிடைத்தது. அந்த இரண்டு படங்களையும் சம்பந்தப்பட்ட வீட்டுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அங்கே ரிசப்ஷனில் ஒரு இடம் இன்னும் காலி என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து, உங்கள் பழைய ரிசப்ஷன்காரி